வேலையை விடாமல் தினம் ஒரு மணி நேரம்: ஜிஎஸ்டி தேதிகளுக்கு நடுவே எஸ்க்யூஎல் படிப்பது எப்படி?

கேள்வி: சேலம் லீ பஜாரில் மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். காலை 9.30க்குப் போனால் இரவு 7.30க்குத்தான் கிளம்ப முடியும், ஞாயிறு மட்டும் விடுமுறை. டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் எல்லாம் நான்தான். டேட்டா அனலிஸ்ட் மாதிரி வேலைக்கு மாற எஸ்க்யூஎல் கற்க ஆசை. இரண்டு முறை 1ஆம் தேதி ஆரம்பித்து, ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்து வீடியோ பார்த்துப் படித்தேன். இரண்டு முறையும் மூன்றாவது வாரத்தில் நின்றுபோனது. உடம்பும் மனசும் கெடாமல் தினம் ஒரு மணி நேரம் படிக்க வழி உண்டா?

பதில்:

உண்டு. 1ஆம் தேதி தொடங்கி மூன்றாவது வாரத்தில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போக வேண்டும், 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. முதல் வாரம் புது ஆர்வத்தில் ஓடிவிடும். இரண்டாம் வாரம் ரிட்டர்ன் வேலையில் இரண்டு நாள் படிப்பு விடுபடும். மூன்றாம் வாரம் 2பி-யை வைத்து ஐடிசி ஒப்பிட்டு முடிக்கும்போது நான்கைந்து நாள் போயிருக்கும். அதன்பின் உட்கார்ந்தால் முன்னால் படித்தது நினைவில் இருக்காது, "நமக்கு இது வராது" என்று தோன்றும். உங்கள் மாதம் எல்லா நாளும் ஒரே கனத்தில் இல்லை. எல்லா நாளும் ஒரே அளவு படிப்பது என்று போட்ட திட்டம் அதில் முறியத்தான் செய்யும்.

ஆகவே முதல் வேலை, காலண்டரில் கனமான நாட்களைக் குறிப்பது. 5 முதல் 7 வரை, 9 முதல் 11 வரை, 18 முதல் 20 வரை என்று மாதம் ஒன்பது நாள். ஞாயிறு கழித்தால் ஏறக்குறைய எட்டு. இந்த நாட்களில் புதுப் பாடம் கிடையாது, பதினைந்தே நிமிடம். ஏற்கெனவே எழுதிய ஒரு குவெரியை வெற்றுத் திரையில் திரும்ப எழுதிவிட்டு மூடிவிட வேண்டும். மீதி பதினெட்டு நாள் முழு ஒரு மணி நேரம். ஞாயிறு படிப்பே வேண்டாம். கணக்குப் போட்டால் மாதம் சுமார் 20 மணி நேரம் வரும். ஆறு மாதத்துக்கு 120. எஸ்க்யூஎல் அடிப்படை, எக்செலில் பவர் குவெரி, பவர் பிஐ-யில் ஒரு ரிப்போர்ட், சொந்தமாக ஒரு சிறு ப்ராஜெக்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது போதும் என்பது என் மதிப்பீடு. மாதம் 30 மணி நேரம் என்று எதிர்பார்த்து 20 கிடைத்தால் தோற்றதுபோல் இருக்கும். 20 என்றே வைத்து 20 கிடைத்தால் திட்டம் நடக்கிறது. உங்கள் கடை காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் கியூஆர்எம்பி முறையில் இருந்தால், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13, 22 ஆகியவை உங்கள் கனமான தேதிகள். இடைப்பட்ட மாதங்களில் வரி கட்டும் 25ஆம் தேதி மட்டும் கவனம். அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தையும் ஏன் விடக்கூடாது என்றால், இந்தப் படிப்பில் நான்கு நாள் இடைவெளியின் சேதம் விட்ட நான்கு மணி நேரத்தோடு நிற்பதில்லை. திரும்ப உட்காரும்போது விட்ட இடத்தைத் தேடவே ஒரு முழு அமர்வு போய்விடும். தினம் ஒரு குவெரி கையால் எழுதிக்கொண்டிருந்தால் அந்தத் தேடல் வராது.

எந்த மாதம் தொடங்குவது என்பதும் முக்கியம். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் நெருக்கடி, அதற்குப் பின்னாலேயே தீபாவளி விற்பனை. மார்ச், ஏப்ரல் ஆண்டு முடிப்பு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யாருக்கும் காலை நேரம் தன் கையில் இருக்காது. தீபாவளி முடிந்தபின் தொடங்கி பிப்ரவரி வரை ஓடுவதுதான் உங்களுக்கு இருப்பதில் நீளமான சீரான பாதை. ஆறு மாதத்தில் மீதியை ஆண்டு முடிப்புக்குப் பின் மே, ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஜிஎஸ்டிஆர்-9 இருந்தால் கடைசி வாரத்தையும் கனமான நாட்களில் சேர்த்துவிடுங்கள். தொடங்கும் தேதி 1 வேண்டாம், 21 அல்லது 22 வைத்துக்கொள்ளுங்கள். 3பி முடிந்த மறுநாள் தொடங்கினால் அடுத்த 5ஆம் தேதி வரை இரண்டு வாரம் தடையில்லாமல் கிடைக்கும். பழக்கம் காலூன்ற அந்த இரண்டு வாரம் வேண்டும்.

அடுத்தது நேரம். பகலெல்லாம் பில், வவுச்சர், பார்ட்டி போன் என்று பத்து மணி நேரம் போனபின் இரவு 9 மணிக்கு வீடியோ பார்க்க முடியும், ஆனால் ஒரு பிழையை நின்று யோசித்துத் திருத்த முடியாது. இரவில் வீடியோ பார்ப்பவராகவே நின்றுவிடுவதற்குக் காரணம் அதுதான். காலை 5.45 முதல் 6.45 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: எழும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்தால் படுக்கும் நேரமும் ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. 11.30க்குப் படுத்து 5.30க்கு எழுந்தால் வாரத்தில் ஆறு நாளுக்கு ஆறு மணி நேரம் கடன் ஏறும். பகலில் படித்தது இரவுத் தூக்கத்தில்தான் மனதில் பதிகிறது, ஆகவே தூக்கத்தை வெட்டிப் படிப்பது அந்தப் படிப்பையே வெட்டுவது. 10.15க்கு விளக்கணைக்க முடியாத வீட்டுச் சூழல் என்றால் காலை நேரத்தை விட்டுவிடுங்கள். மொத்தக் கடைகளில் மதியம் சாப்பாட்டுக்குப் பின் கூட்டம் ஓயும் இடைவேளை இருக்குமானால் அங்கே 35 நிமிடமும், கடை திறக்குமுன் 25 நிமிடமும் பிரித்துக்கொள்வது, தூங்காமல் எடுக்கும் ஒரு மணி நேரத்தைவிட மேல். மாலை 7 மணி டீயையும் 4 மணிக்குக் கொண்டுவாருங்கள். குடித்த காஃபினில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். 10 மணிக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை என்பவர்களில் பலருக்குச் சிக்கல் இதுதான்.

இனி அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது. இங்கேதான் கணக்கர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. எஸ்க்யூஎல் படிக்கும் பலருக்குத் தாங்கள் எழுதிய விடை சரியா என்று சொல்ல ஆளில்லை. உங்களுக்கு டேலி ரிப்போர்ட்டே விடைத்தாள். பயிற்சிக்கென்று இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒரு கம்பெனியின் பட்டியலை எடுக்காமல் உங்கள் கடையின் விற்பனைப் பதிவேட்டையே எடுங்கள். முதலாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பார்ட்டி பெயர்களை ஆத்தூர்க் கடைக்கு ATR01, ஏற்காட்டுக் கடைக்கு YRC01 என்று குறியீடாக மாற்றிவிடுங்கள். எங்கும் அப்லோட் செய்யாதீர்கள். அடுத்தவர் வியாபார விவரம் அது.

சேல்ஸ் ரிஜிஸ்டரை டேலியிலிருந்து எக்செலாக எடுத்து, மேலே உள்ள கடைப் பெயர், தலைப்பு வரிகளையும் கீழே மொத்த வரியையும் நீக்குங்கள். தேதி நெடுவரிசையின் ஃபார்மட்டை yyyy-mm-dd ஆக்குங்கள். தொகை நெடுவரிசையை General ஆக்குங்கள். பிறகு CSV ஆகச் சேமியுங்கள். இந்த இரண்டு மாற்றத்தையும் விட்டால் என்ன ஆகும்? நீங்கள் பயன்படுத்தப்போகும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் தேதிக்கென்று தனி வகை கிடையாது, எழுத்தாகவே ஒப்பிடும். 1-Apr-24 என்று இருந்தால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று கேட்டதற்கு ஒரு வரிகூட வராது, அல்லது சம்பந்தமில்லாத வரிகள் வரும். தொகையில் காற்புள்ளி ஒட்டிக்கொண்டு போனால் கூட்டுத்தொகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வரும். இரண்டுக்குமே பிழைச் செய்தி வராது, ஆகவே தெரியாது. டேலி மொத்தத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

DB Browser for SQLite என்ற இலவச மென்பொருளில் புது டேட்டாபேஸ் உருவாக்கி, File மெனுவில் Import, அதில் Table from CSV file என்று கொடுத்தால் அட்டவணை தயார். sales என்று பெயர் வையுங்கள், vdate, vno, party, amount என்று நான்கு நெடுவரிசை போதும். இதுவே முதல் இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```sql
SELECT party, SUM(amount) AS total
FROM sales
WHERE vdate BETWEEN '2024-04-01' AND '2024-06-30'
GROUP BY party
ORDER BY total DESC;
```

மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் பத்து நிமிடம் நேற்று எழுதியதை நோட்டைப் பார்க்காமல் வெற்றுத் திரையில் எழுதுவது. இது வெறும் சடங்கு இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோ பார்த்து முடித்ததும் புரிந்ததுபோல் இருப்பதும், அடுத்த வாரம் கை ஓடாததும் இதே கதைதான். அடுத்த 35 நிமிடம் புதிதாக ஒரே ஒரு விஷயம். அதற்கடுத்த பத்து நிமிடம் விடையை டேலியோடு சரிபார்ப்பது. கடைசி ஐந்து நிமிடம் நாளைக்கு என்ன என்று ஒரு வரி எழுதி வைப்பது: "நாளை: ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிய பார்ட்டிகள் மட்டும்." பலர் இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் வெட்டுவார்கள். வெட்டக்கூடாதது இதுதான். காலை 5.45க்கு "இன்றைக்கு என்ன படிக்கலாம்" என்று யோசிக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் போய், போன் கைக்கு வந்துவிடும்.

"ஒரே ஒரு விஷயம்" என்றால் எவ்வளவு சிறியது என்பதை ஓர் உதாரணத்தில் முழுதாகச் சொல்கிறேன். பார்ட்டிவாரியாக நிலுவை எடுக்க வேண்டும். விற்பனை ஓர் அட்டவணை, வரவு ரசீதுகள் receipts என்று இன்னோர் அட்டவணை. இரண்டையும் இணைத்துக் கழித்தால் ஆயிற்று என்று தோன்றும்:

```sql
SELECT s.party, SUM(s.amount) - SUM(r.amount) AS due
FROM sales s
JOIN receipts r ON s.party = r.party
GROUP BY s.party;
```

ஓடும், பிழைச் செய்தி வராது, விடை தவறு. ATR01க்கு 40,000, 25,000, 35,000 என்று மூன்று பில். மொத்தம் 1,00,000. இரண்டு தவணையாக 30,000, 30,000 கொடுத்திருக்கிறார். நிலுவை 40,000. மேலே உள்ள குவெரி 20,000 என்று சொல்லும். ஏனென்றால் மூன்று பில்லில் ஒவ்வொன்றும் இரண்டு ரசீதோடும் சேர்ந்து ஆறு வரியாகிவிட்டது. விற்பனை இரண்டு மடங்காகி 2,00,000, வரவு மூன்று மடங்காகி 1,80,000. இதைவிட மோசம் ஒன்று உண்டு. ஒரு பைசாகூடக் கொடுக்காத பார்ட்டி இந்தப் பட்டியலிலேயே இருக்க மாட்டார், ரசீது இல்லாததால் இணைப்பில் விழுந்துவிடுவார். நிலுவைப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியவர் அவர்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கூட்டி, பார்ட்டிக்கு ஒரு வரி ஆக்கியபின் இணைக்க வேண்டும். ரசீது இல்லாதவர் விழாமல் இருக்க LEFT JOIN, அவருடைய வரவைப் பூஜ்யமாக எடுக்க COALESCE:

```sql
WITH s AS (SELECT party, SUM(amount) AS bill FROM sales GROUP BY party),
     r AS (SELECT party, SUM(amount) AS paid FROM receipts GROUP BY party)
SELECT s.party, s.bill - COALESCE(r.paid, 0) AS due
FROM s LEFT JOIN r ON s.party = r.party;
```

வகுப்பில் இதை இருபது நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு இது நான்கு நாள் பாடம். முதல் நாள் இரண்டு அட்டவணையையும் தனித்தனியே கூட்டி டேலியோடு பொருத்துவது. இரண்டாம் நாள் அந்தத் தவறான குவெரியை வேண்டுமென்றே எழுதி, SUM, GROUP BY இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரு பார்ட்டிக்கு மட்டும் ஆறு வரியும் எப்படி வந்தன என்று கண்ணால் பார்ப்பது. மூன்றாம் நாள் WITH, LEFT JOIN. நான்காம் நாள் எதையும் பார்க்காமல் முதலிலிருந்து எழுதி, பத்து பார்ட்டிக்கு டேலி நிலுவையோடு ஒப்பிடுவது. அப்போதும் சிலருக்கு வித்தியாசம் வரும். ஓப்பனிங் பாலன்ஸ், சரக்குத் திரும்பிய கிரெடிட் நோட் இரண்டும் உங்கள் அட்டவணையில் இல்லை. அந்த வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடித்து விளக்கினால் அதுதான் டேட்டா வேலை. கணக்குத் தெரியாத ஒருவருக்கு இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாற்றம் இருக்கும். உங்களுக்கு ஒரு காலையில் விளங்கிவிடும்.

பாடத்தின் அளவு சரியா என்று காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. மறுநாள் முதல் பத்து நிமிடத்தில் நேற்றையதை எழுத முடியாமல் போனால் நேற்றைய பாடம் பெரிது. இன்று புதிதாக ஒன்றும் வேண்டாம், அதையே பாதியாக்கி மீண்டும் எழுதுங்கள். இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டால் சிறிது, கொஞ்சம் கூட்டலாம். ஒரு பிழையில் இருபது நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால் அந்தப் பிழைச் செய்தியை அப்படியே நோட்டில் எழுதிவிட்டு வேறு குவெரிக்குப் போங்கள். WHEREஇல் SUM போட்டதால் வரும் misuse of aggregate போன்றவற்றை மறுநாள் தெளிந்த கண்ணில் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம் (அந்த நிபந்தனை HAVINGக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்). அன்றே முடித்தே தீருவேன் என்று 7.30 வரை இழுப்பதில்தான் அடுத்த நாள் சோர்வு தொடங்குகிறது. படிக்கும் நேரத்துக்கு மேல்வரம்பு வைப்பது, கீழ்வரம்பு வைக்கும் அளவுக்கே அவசியம்.

சோர்வுக்கும் பர்ன்அவுட் என்று சொல்லும் எரிந்துபோவதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், சோர்வு ஞாயிறு ஓய்வில் தீரும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையால் எரிந்துபோவதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிடமிருந்து மனம் விலகி வெறுப்பு வருதல், செய்யும் திறன் குறைந்ததாக உணர்தல். உங்கள் மேசையில் அது எப்படித் தெரியும்? வழக்கத்தைவிட அதிக வவுச்சர்களைத் திருத்த வேண்டிவரும். பழகிய பார்ட்டி போன் செய்தாலே எரிச்சல் வரும். படுத்தும் தூக்கம் பிடிக்காது, அல்லது திங்கட்கிழமை ஞாயிறே வராததுபோல் இருக்கும். இவற்றில் இரண்டு இருந்து, இரண்டு வாரம் தொடர்ந்தால், ஒரு வாரம் படிப்பை முழுதாக நிறுத்திவிட்டு அந்த மணி நேரத்தையும் தூக்கத்துக்குக் கொடுங்கள். அந்த வாரத்தில் தெளிந்தால் படிப்பின் அளவைக் குறைத்துத் தொடரலாம், முழு நாட்களில் 40 நிமிடம் என்று. தெளியவில்லை என்றால் காரணம் இந்த ஒரு மணி நேரம் இல்லை, மற்ற பத்து மணி நேரம். அப்போது படிப்புத் திட்டத்தை மாற்றுவதில் பயனில்லை. வேலைப் பளுவைப் பற்றி முதலாளியிடம் பேச வேண்டும், உடல் தொந்தரவு இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: காலை இந்த ஒரு மணி நேரம், மாதம் பதினெட்டு நாள், பிப்ரவரி வரை, பிறகு மே, ஜூன். முடிவு தேதி சொல்லாமல் "படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால், பால் வாங்குவதும் குழந்தையைக் கிளப்புவதும் மற்றவர் தலையில் கணக்கில்லாமல் விழும், சச்சரவு வரும். ஞாயிறை முழுதாக வீட்டுக்கு விடுவதும் இதற்காகத்தான்.

இலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 120 மணி நேரத்தில் பெங்களூரில் டேட்டா அனலிஸ்ட் வேலை என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். புள்ளியியல், பைதான் கேட்கும் இடங்களுக்கு இது போதாது. எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ், அக்கவுண்ட்ஸ் ரிப்போர்ட்டிங், ஈஆர்பி சப்போர்ட் போன்ற வேலைகளுக்குக் கணக்கும் குவெரியும் சேர்ந்து தெரிந்த ஆள் பொருத்தமானவர். முதல் மாற்றத்தை அங்கே வையுங்கள், மீதியை அந்தச் சம்பளத்தில் இருந்துகொண்டு படிக்கலாம். நேர்காணலுக்குச் சான்றிதழைவிட அந்த நிலுவைக் குவெரி உதவும். எப்படி இரட்டிப்பானது, டேலியோடு எந்தத் தொகையில் முரண்பட்டது, எதனால் என்று பெயர் மறைத்த உங்கள் அட்டவணையை வைத்து ஐந்து நிமிடம் விளக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாத முடிவில் ஒரு காலையை இதற்கு ஒதுக்குங்கள். கடைசி மூன்று மாதமாக எதுவும் வாங்காத பார்ட்டிகள் யார், அவர்கள் முன்பு மாதம் சராசரி எவ்வளவு வாங்கினார்கள் என்ற பட்டியலை எதையும் பார்க்காமல் ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள். வந்துவிட்டால் பவர் குவெரிக்குப் போகலாம். வரவில்லை என்றால் அடுத்த மாதமும் எஸ்க்யூஎல்தான், முடிவு தேதியை ஒரு மாதம் தள்ளுங்கள், மார்ச், ஏப்ரலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.